‘வந்த பையன்’: முன்னால் வைப்பதா, பிரித்து எழுதுவதா?

மொழிபெயர்க்கத் தொடங்கிய புதிதில் ஒரு சிறுகதையின் நடுவே நான் இப்படி எழுதியிருந்தேன்: “அவன் கடிதத்தை, அதை நெருப்பில் போட்ட தன் அக்காவிடம் கொடுத்தான்.” படித்துப் பார்த்த மூத்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அந்த வரியில் விரலை வைத்து, “தம்பி, கடிதம்தான் எரிஞ்சுபோச்சே, அப்புறம் எதைக் கொடுத்தான்?” என்று கேட்டார்.

ஆங்கில மூலத்தில் எந்தக் குழப்பமும் இல்லை. அங்கே சொற்கள் நின்ற வரிசையை அப்படியே தமிழில் காட்டினால் இப்படி இருக்கும்: ‘அவன் கொடுத்தான் கடிதத்தை தன் அக்காவிடம், ஹூ போட்டாள் அதை நெருப்பில்.’ முதலில் அவன் கொடுக்கிறான், பிறகு அவள் எரிக்கிறாள். நான் ‘ஹூ’வைப் பார்த்ததுமே பெயரெச்சம் என்று முடிவுகட்டி, ‘போட்டாள்’ என்பதைப் ‘போட்ட’ என்று மாற்றி அக்காவுக்கு முன்னால் வைத்துவிட்டேன். கதையில் காலம் தலைகீழாகிவிட்டது.

‘ஹூ, விச், தட் வந்தால் தமிழில் பெயரெச்சம்’ என்ற விதியை நம்மில் பலர் பள்ளியிலேயே மனத்தில் வாங்கிக்கொண்டோம். பாதி இடங்களில் அது சரியாகவும் இருக்கிறது. மீதி இடங்களில் நம் கையில் வேறு வழிகள் இருக்கின்றன: வாக்கியத்தை இரண்டாகப் பிரிக்கலாம், வினையெச்சத்தில் கோத்துக்கொண்டு போகலாம், ‘வந்தவர்’ என்று வினையாலணையும் பெயராக்கலாம், ‘யார் வந்தாரோ அவர்’ என்று எழுதலாம். இவற்றில் எதை எங்கே எடுப்பது என்பதைத்தான் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். இறந்தகாலத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் தவறுகள் அதிகம் நடப்பது அங்கேதான்.

முதலில் பெயரெச்சத்தின் பலம் எதில் இருக்கிறது என்று பார்ப்போம். ‘எழுதிய’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதிய பெண், எழுதிய கடிதம், எழுதிய பேனா, எழுதிய மேசை, எழுதிய நாள், எழுதிய எழுத்து. ஆறு இடத்திலும் வடிவம் ஒன்றுதான். பெண் எழுதியவள், கடிதம் எழுதப்பட்டது, பேனா கருவி, மேசை இடம், நாள் காலம், எழுத்து அந்தச் செயலே. தொல்காப்பியம் நிலம், பொருள், காலம், கருவி, வினைமுதல், வினை என்று இந்த ஆறையும் எண்ணிச் சொல்லிவிட்டு, ‘செய்யும்’, ‘செய்த’ என்ற சொற்கள் இந்த ஆறுக்கும் ‘ஓரன்ன உரிமைய’ என்கிறது. ஆறுக்கும் ஒரே மாதிரி உரிமை. ஆங்கிலத்தில் இந்த உரிமை கிடையாது. பெண்ணுக்கு ‘ஹூ’, கடிதத்துக்கு ‘விச்’, பேனாவுக்கு ‘வித் விச்’, மேசைக்கு ‘அட் விச்’ என்று உறவை வெளியே எழுதிக் காட்ட வேண்டும். நாம் அதைப் பெயரின் இயல்பிலிருந்தே புரிந்துகொள்கிறோம். பேனா எழுதாது, பேனாவால்தான் எழுதுவார்கள் என்று வாசகருக்குத் தெரியும்.

அதனால் ஆங்கிலத்தில் ‘அவள் எந்தப் பேனாவால் எழுதினாளோ அந்தப் பேனா’ என்ற அமைப்பில் ஒரு தொடர் வந்தால், தயங்காமல் ‘அவள் எழுதிய பேனா’ என்று எழுதலாம். ‘அந்தப் பேனாவைக் கொண்டு அவள் எழுதினாள் என்கிற பேனா’ என்றெல்லாம் நீட்ட வேண்டியதில்லை. ‘அவர் படித்த பள்ளி’, ‘நாங்கள் தங்கிய வீடு’, ‘அவன் கடன் வாங்கிய ஆள்’ எல்லாம் இந்த வகைதான். ‘ஹூஸ்’ வரும் இடத்திலும் கொஞ்ச தூரம் இது தாங்கும். கால் ஒடிந்த நாற்காலி, பல் விழுந்த கிழவர், கைப்பிடி கழன்ற வாளி. பெயருக்கும் உள்ளே இருக்கும் எழுவாய்க்கும் முழுமை, உறுப்பு என்ற உறவு இருந்தால் ஒட்டுச்சொல் எதுவும் இல்லாமலே பொருள் வந்துவிடுகிறது.

இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலையும் உண்டு. உறவை எழுதிக் காட்டாத மொழியில், பெயரின் இயல்பு கைகொடுக்காதபோது வாசகர் தடுமாறுவார். ‘அடித்த பையன்’ என்று தனியாகச் சொன்னால், அவன் அடித்தானா, அவனை யாராவது அடித்தார்களா? உரையாசிரியர்கள் காட்டும் ‘புலி கொல் யானை’ என்ற தொடர் இதே இனம். புலியைக் கொல்லும் யானையா, புலியால் கொல்லப்படும் யானையா? இதற்கு மருந்து எளிது, வேற்றுமை உருபை ஒளிக்காமல் எழுதினால் போதும். ‘பையனைக் கடித்த நாய்’ என்றால் சந்தேகம் இல்லை. ‘நாய் கடித்த பையன்’ என்றாலும் சந்தேகம் இல்லை, ஏனென்றால் பையன் நாயைக் கடிப்பதை யாரும் எதிர்பார்க்கமாட்டார்கள். ஆனால் ‘அண்ணன் அடித்த பையன்’ என்று எழுதும்போது ஒரு நொடி நின்று பாருங்கள். ‘அண்ணனை அடித்த’ என்பதுதான் பொருள் என்றால் அந்த ‘ஐ’யை விட்டுவிடக் கூடாது.

மருந்தே இல்லாத இடங்களும் உண்டு. ‘நான் யாரோடு போனேனோ அந்த நண்பன்’ என்பதை ‘நான் போன நண்பன்’ என்று எழுத முடியாது. கூடப் போகும் உறவு அந்த ஆறில் இல்லை. இங்கே இரண்டு வழிகளை ஒப்பிடலாம். ‘யாரோடு… அந்த’ என்று எழுதினால் பொருள் துல்லியமாக இருக்கும், ஓட்டம் கெடும். பார்வையைத் திருப்பி ‘என்னோடு வந்த நண்பன்’ என்று எழுதினால் இயல்பாக இருக்கும். நான் பெரும்பாலும் திருப்புவேன். ‘எந்தப் பையனுடைய அப்பா இறந்தாரோ’ என்று வந்தாலும் அப்படித்தான், ‘அப்பாவை இழந்த பையன்’ என்றால் முடிந்தது. ‘யார்… ஓ, அவர்’ அமைப்பை ஒருவரைக் குறிக்காமல் பொதுவாகப் பேசும் இடத்துக்கென்று வைத்துக்கொள்வது நல்லது. ‘யார் முதலில் வந்தாரோ அவருக்கே பரிசு’ என்பதில் அதற்கு ஒரு கம்பீரம் இருக்கிறது. ‘நேற்று எந்தப் பையன் வந்தானோ அந்தப் பையன் என் மகன்’ என்பதில் அது வெறும் பாரம்.

சரி, இனி முக்கியமான கேள்விக்கு வருகிறேன். பெயரெச்சத்தால் எழுத முடியும் என்று தெரிந்த இடத்திலும், எழுதலாமா வேண்டாமா என்று எப்படி முடிவுசெய்வது?

ஆங்கிலத் தொடர் அங்கே என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பதுதான் என் வழி. மூன்று வேலைகளில் ஒன்றை அது செய்யும். எந்தப் பையன் என்று சுட்டிக்காட்டும். அல்லது ஏற்கெனவே தெரிந்த ஒருவரைப் பற்றிக் கூடுதலாக ஒரு செய்தி சொல்லும். அல்லது கதையை அடுத்த படிக்கு நகர்த்தும்.

சுட்டிக்காட்டும் வேலை என்றால் பெயரெச்சம்தான், வேறு வழியைத் தேடாதீர்கள். ‘நேற்று வந்த பையன் என் மகன்.’ இதைப் பிரித்து ‘நேற்று ஒரு பையன் வந்தான். அவன் என் மகன்’ என்று எழுதினால் பொருளே மாறிவிடுகிறது. முதல் வாக்கியம், பையன் வந்தது கேட்பவருக்குத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு பேசுகிறது. இரண்டாவது, அதையே புதுச் செய்தியாக அறிவிக்கிறது. நீளமான வாக்கியத்தை உடைத்தால் படிக்க எளிது என்ற அறிவுரையைக் கேட்டுச் சுட்டும் தொடரை உடைத்தவர்களின் எழுத்தில் இந்தக் கோளாறைப் பார்க்கலாம். எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தை ஆசிரியர் ஏன் புதிதாகச் சொல்கிறார் என்று வாசகருக்கு ஒரு சின்ன நெருடல் வரும்.

கூடுதல் செய்தி சொல்லும் தொடரில்தான் உண்மையான தேர்வு இருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்குக் காற்புள்ளி உண்டு. ‘அவளுடைய அக்கா, ஹூ படித்திருந்தாள் கல்லூரியில்’ என்று காற்புள்ளியோடு வந்தால் அக்கா ஒருத்திதான், படிப்பு கூடுதல் விவரம். காற்புள்ளி இல்லாமல் வந்தால் அக்காக்கள் பலர், அவர்களில் கல்லூரியில் படித்தவளைப் பற்றிப் பேச்சு. தமிழில் ‘கல்லூரியில் படித்த அவளுடைய அக்கா’ என்று எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். பெயரெச்சத்துக்கும் பெயருக்கும் இடையே காற்புள்ளி போட்டு இதைச் சரிசெய்ய முடியாது, நம் வாசகர் அந்தக் குறியை அப்படிப் படிப்பதில்லை. நான் இங்கே வினையாலணையும் பெயரை எடுப்பேன்: ‘அவளுடைய அக்கா கல்லூரியில் படித்தவள். அவள்தான் கணக்கெல்லாம் பார்த்துக்கொண்டாள்.’ அக்கா ஒருத்திதான் என்பதும் வந்துவிட்டது, படிப்பு ஒரு செய்தி என்பதும் வந்துவிட்டது.

ஆனால் எல்லா இடத்திலும் இப்படிப் பிரித்துக்கொண்டே போனால் பத்தி முழுவதும் துண்டு துண்டாகிவிடும். ஆள் ஒருவர்தான் என்பது ஏற்கெனவே தெளிவாக இருந்தால் பெயரெச்சமே போதும். ‘தாமதமாக வந்த அப்பா சாப்பிடாமலே படுத்துவிட்டார்’ என்பதைப் படித்து, வேறு எந்த அப்பா என்று யாரும் கேட்கப்போவதில்லை. தாமதம்தான் அங்கே முக்கியம் என்றால் மட்டும் பிரிக்கலாம்: ‘அப்பா அன்று தாமதமாகத்தான் வந்தார்.’

மூன்றாவது வேலை, கதையை நகர்த்துவது. இங்கே இறந்தகாலப் பெயரெச்சம் ஆபத்தானது. என் நெருப்பு வாக்கியம் கெட்டது இதனால்தான். முற்றுவினையும் இறந்தகாலமாக இருக்கும்போது, நிகழ்ச்சியைச் சொல்லும் ‘செய்த’ முற்றுவினைக்கு முன்பே முடிந்துவிட்டதாக நம் காதில் விழுகிறது. ‘செய்த பிறகு’ என்ற வழக்கைக் கவனியுங்கள். ‘நாளை அவர் வந்த பிறகு பேசுவோம்’ என்கிறோம். வருவது நாளைதான், ஆனாலும் ‘வந்த’. பேசுவதற்கு முன்பு வருகை முடிந்திருக்கும் என்பதை அந்த வடிவம் சொல்கிறது. ஆங்கிலத்தில் ‘ஹூ’ தொடர் பெயருக்குப் பின்னால் நிற்பதால், முன்பு நடந்ததையும் சொல்லலாம், அடுத்து நடந்ததையும் சொல்லலாம். தமிழில் பெயருக்கு முன்னால் வரும் தொடரைக் கொண்டு அடுத்து நடந்ததைச் சொல்ல முயன்றால், நேரம் பின்னோக்கிப் போய்விடும்.

ஆகவே இந்த இடத்தில் பிரித்துவிடுங்கள்: ‘அவன் கடிதத்தை அக்காவிடம் கொடுத்தான். அவள் அதை நெருப்பில் போட்டாள்.’ ஆளைக் குழப்பாமல் இருக்க ‘அவளோ’ என்று தொடங்கலாம். அடுத்தடுத்த செயல்களைச் செய்பவர் ஒருவரே என்றால் வினையெச்சம் இன்னும் அழகு: ‘வாங்கிப் பார்த்து, மடித்து, நெருப்பில் போட்டாள்.’ இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. ஆங்கிலத் தொடரில் ‘ஹூ’வை எடுத்துவிட்டு ‘பிறகு அவள்’ என்று வைத்துப் பாருங்கள். பொருள் கெடாமல் ஓடினால் அது கதையை நகர்த்தும் தொடர், பெயரெச்சத்துக்குப் போகாதீர்கள்.

நீளம் பற்றியும் ஒரு வார்த்தை. பெயரெச்சங்கள் பல சேர்ந்தால் வாக்கியம் கனக்கும் என்பார்கள். எண்ணிக்கை இங்கே அவ்வளவு முக்கியமில்லை, அவை எப்படி அடுக்கப்படுகின்றன என்பதுதான் முக்கியம். ‘நேற்று வந்த பையன் கொடுத்த கடிதத்தில் இருந்த செய்தி’ என்பதில் மூன்று பெயரெச்சங்கள், ஆனால் வழுக்கிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு பெயரும் வந்தவுடன் முன்னால் நின்றது முடிந்துவிடுகிறது, வாசகர் எதையும் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை. இதோடு ‘பையன் அம்மா எழுதிய கடிதத்தைக் கொடுத்த பெரியவர்’ என்பதை ஒப்பிடுங்கள். பெயரெச்சம் இரண்டுதான், ஆனாலும் மூச்சு முட்டுகிறது. பையன் வந்தான், அவன் என்ன செய்தான் என்று தெரிவதற்குள் அம்மா வந்துவிட்டார். இருவரும் தங்கள் வினைக்காகக் காத்திருக்கிறார்கள். உள்ளே கிடக்கும் தொடரை முன்னால் இழுத்தால் போதும்: ‘அம்மா எழுதிய கடிதத்தைப் பையன் கொடுத்த பெரியவர்.’ ஒரு சொல்லும் கூடவில்லை, குறையவில்லை. பிரிப்பதற்கு முன்னால் இந்த இடமாற்றத்தை ஒருமுறை முயன்று பாருங்கள்.

இன்னொரு இழப்பு எதிர்மறையில். வந்த, வருகிற, வரும் என்று மூன்று காலம் காட்டும் பெயரெச்சம், ‘வராத’ என்றானதும் காலத்தைத் தொலைத்துவிடுகிறது. ‘ஹூ டிட் நாட் கம்’ என்பதற்கும் ‘ஹூ டஸ் நாட் கம்’ என்பதற்கும் நம்மிடம் ‘வராத’ ஒன்றுதான். சூழலில் காலம் தெரியாவிட்டால் ‘நேற்று வராத’, ‘எப்போதும் வராத’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிடுங்கள், அது மூலத்துக்குச் செய்யும் துரோகம் ஆகாது.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது தேர்வு வேறு மாதிரி. ‘செய்த’ வரும் எல்லா இடத்திலும் ‘ஹூ’வோ ‘விச்’சோ போட்டுவிட்டால் ஆங்கிலம் விறைத்துப்போகும். கிழிந்த சட்டை, வளைந்த கம்பி, படித்த பெண் போன்றவை வடிவத்தில் பெயரெச்சம், வேலையில் அடைமொழி. ‘டோர்ன்’, ‘பென்ட்’, ‘எஜுகேட்டட்’ என்று ஒரு சொல்லில் முடிக்க வேண்டியவை. ‘இறந்த காலம்’ என்ற இலக்கணப் பெயரே கடந்துபோன காலம் என்று பொருள்படும் ஒரு பெயரெச்சத் தொடர்தான், அதை யாரும் ‘விச்’ போட்டு மொழிபெயர்ப்பதில்லை. அப்புறம், ‘கதவு சாத்திய சத்தம்’, ‘அவர் வந்த செய்தி’ போன்றவற்றில் ‘விச்’ போடவே முடியாது. சத்தம் கதவைச் சாத்தவில்லை, செய்தி வரவில்லை. முதலாவதற்கு ‘ஆஃப்’ போட்டுக் கதவு சாத்தும் செயலைச் சொல்ல வேண்டும், இரண்டாவதற்கு ‘தட்’ போட்டு முழு வாக்கியத்தை எழுத வேண்டும்.

இனி ஒரு வாக்கியத்தை முழுதாக எடுத்துப் பார்ப்போம். ஆங்கில வரிசை இது: ‘பையன் ஹூ வந்தான் நேற்று கொண்டுவந்தான் ஒரு கடிதம் எழுதப்பட்ட அவன் அம்மாவால், அண்ட் கொடுத்தான் அதை பெரியவரிடம் ஹூ உட்கார்ந்துகொண்டிருந்தார் கதவருகே, ஹூ படித்தார் அதை இரண்டு முறை அண்ட் சொல்லவில்லை எதுவும்.’

எல்லாவற்றையும் விதிப்படி பெயரெச்சமாக்கினால் கிடைப்பது: ‘நேற்று வந்த பையன் அவனுடைய அம்மாவால் எழுதப்பட்ட ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து, அதை இரண்டு முறை படித்த மற்றும் எதையும் சொல்லாத, கதவருகே உட்கார்ந்துகொண்டிருந்த பெரியவரிடம் கொடுத்தான்.’ பெரியவர் கடிதம் கைக்கு வரும் முன்பே அதைப் படித்து முடித்துவிட்டார்.

ஒவ்வொன்றாக எடுப்போம். முதல் ‘ஹூ’ எந்தப் பையன் என்று சுட்டுகிறது, ‘நேற்று வந்த பையன்’ அப்படியே நிற்கட்டும். ‘எழுதப்பட்ட அவன் அம்மாவால்’ என்பது ஆங்கிலத்தின் செயப்பாட்டு எச்சம். தமிழ்ப் பெயரெச்சம் செயப்படுபொருளையும் தானாகவே ஏற்கும் என்று மேலே பார்த்தோம், எனவே ‘படு’ தேவையே இல்லை, ‘அம்மா எழுதிய கடிதம்’ போதும். எழுதியவர் யார் என்று தெரியாத இடத்தில் மட்டும் ‘எழுதப்பட்ட’ என்பதற்கு வேலை உண்டு. இரண்டாவது ‘ஹூ’ பெரியவரை அடையாளம் காட்டுகிறது, அதுவும் பெயரெச்சம். ஆனால் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். ‘உட்கார்ந்த பெரியவர்’ என்றால் உட்காரும் செயல் நடந்து முடிந்தது என்று ஆகும். அவர் அங்கே இருந்த நிலையைக் காட்ட ‘உட்கார்ந்திருந்த’ வேண்டும். கொடுத்த நேரத்திலும் அந்த நிலை நீடித்தது என்பதை ‘இருந்த’ சொல்லிவிடுவதால் ‘கொண்டிருந்த’ வரைக்கும் போக வேண்டாம். ‘வந்த’ என்பதற்கும் ‘வந்திருந்த’ என்பதற்கும் உள்ள வித்தியாசமும் இதுதான். வந்திருந்த பையன் வந்து அங்கேயே இருந்தவன்.

மூன்றாவது ‘ஹூ’வுக்குச் சோதனையை வைத்துப் பாருங்கள்: ‘பிறகு அவர் அதை இரண்டு முறை படித்தார்.’ தடையில்லாமல் ஓடுகிறது. பிரித்துவிட வேண்டியதுதான். ‘அண்ட்’ வந்த இடத்தில் ‘மற்றும்’ வேண்டாம், வினையெச்சமோ புது வாக்கியமோ போதும்.

‘நேற்று வந்த பையன் தன் அம்மா எழுதிய கடிதம் ஒன்றைக் கொண்டுவந்து, கதவருகே உட்கார்ந்திருந்த பெரியவரிடம் கொடுத்தான். அவர் அதை இரண்டு முறை படித்தார். எதுவும் சொல்லவில்லை.’

கடைசி இரண்டையும் ‘இரண்டு முறை படித்துவிட்டு எதுவும் சொல்லாமல் இருந்தார்’ என்று ஒன்றாகவும் எழுதலாம், இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் அந்த மௌனத்துக்கு ஒரு தனி வாக்கியம் கொடுத்தால், படித்ததற்கும் பேசாமல் இருந்ததற்கும் நடுவே வாசகர் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்ப்பார். நான் தனியாகவே விட்டுவிடுவேன்.